காய்ச்சல் விட்ட நாளிலும் மலேரியா உள்ளேதான் இருக்கிறது

“ஒருநாள் முழுக்கக் காய்ச்சல் இல்லையென்றால் மலேரியா போய்விட்டது, மாத்திரையை நிறுத்தலாம்.”

தவறு, ஆபத்தான தவறு. விவாக்ஸ் என்ற வகை மலேரியாவில் ஒட்டுண்ணி இளம் சிவப்பணுவுக்குள் நுழைந்து, ஹீமோகுளோபினைத் தின்று வளர்ந்து, சுமார் 48 மணி நேரத்தில் 12 முதல் 24 குஞ்சுகளாகப் பிரிகிறது. பிறகு ஏராளமான அணுக்கள் ஏறக்குறைய ஒரே வேளையில் வெடிக்கின்றன. அப்போது சிதறும் கழிவுதான் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிக் குளிரையும் காய்ச்சலையும் கிளப்புகிறது.

திங்கள் மாலை நடுங்கியவர் செவ்வாயன்று தெம்பாக எழுந்து நடமாடுவார். ஆனால் வெளியேறிய குஞ்சுகள் சில நிமிடங்களிலேயே புதிய அணுக்களுக்குள் புகுந்துவிட்டன. புதன் மாலை அவர் மறுபடி போர்வையைத் தேடுவார்.

நோயின் தொடக்கத்திலும், உயிரைப் பறிக்கும் ஃபால்சிபாரம் வகையிலும் இந்த ஒழுங்குகூடப் பெரும்பாலும் தெரியாது. இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். மருத்துவர் கொடுத்த மாத்திரைகளைக் கடைசிவரை விழுங்குங்கள்.