விலை 25 சதவீதம் ஏறினால் எவ்வளவு குறைக்க வேண்டும்?

“விலை 25% ஏறிடுச்சா? பயன்பாட்டையும் 25% குறைச்சிடுங்க, செலவு அப்படியே நிக்கும்.”

தவறு. குறைக்க வேண்டியது 20% தான்.

மாதம் 10 லிட்டர் வாங்குகிறீர்கள், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவு 1,000. விலை 125 ஆனபின் 7.5 லிட்டராகக் குறைத்தால் செலவு 937.50 தான். அரை லிட்டரை வீணாக விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். 8 லிட்டர் வாங்கினாலே சரியாக 1,000 வந்துவிடும்.

ஏற்றத்தைப் பழைய விலையான 100-இல் கணக்கிட்டோம். ஆனால் இனி வாங்கப்போவது புது விலையில். அதனால் ஏறிய 25-ஐ 125-ஆல் வகுக்க வேண்டும்:

குறைப்பு % = ஏற்றம் ÷ (100 + ஏற்றம்) × 100

நம்பிக்கை வரவில்லையா? விலை இரட்டிப்பானால், அதாவது 100% ஏறினால், மேலே சொன்ன அந்த யோசனையின்படி எதையுமே வாங்கக் கூடாது! உண்மையில் பாதி வாங்கினால் போதும்.

ஏற்றம் 5% என்றால் குறைப்பு 4.76%; வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இந்தத் தவறு நிலைத்திருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

அப்புறம் ஒன்று: மின்கட்டணம் போல நிலைக்கட்டணமும் அடுக்கு விலையும் உள்ள பில்லுக்கு இந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தாது.