எக்ஸ்பைரி நாளில் எதிரே நிற்பவர் யார்?

கம்ப்யூட்டர் வைத்து நொடிக்குப் பலமுறை வாங்கி விற்கும் ஹை ஃப்ரீக்வென்சி டிரேடிங் என்றாலே கொள்ளை என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

இதில் ஒரு வகையான மார்க்கெட் மேக்கர் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் விலை சொல்லி நிற்பவர். ஒரு பங்கை 99.95 ரூபாய்க்கு வாங்குகிறேன், 100 ரூபாய்க்கு விற்கிறேன் என்பார். இடையில் உள்ள 5 பைசாதான் அவர் குறிவைக்கும் லாபம். கம்ப்யூட்டர் வைத்து இதை நொடிக்குப் பலமுறை செய்கிறார்கள். பங்கை வாங்கிப் பத்து வருஷம் வைத்திருப்பவருக்கு அந்த 5 பைசா ஒரு பொருட்டே இல்லை. அவசரத்துக்கு விற்கப் போனால் உடனே வாங்க ஆள் இருப்பது அவருக்கு நல்லதுதான்.

என் கோபமெல்லாம் எக்ஸ்பைரி நாள் ஆப்ஷன்களைப் பற்றி. ஒரு பங்கையோ இண்டெக்ஸையோ குறித்த நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்தான் ஆப்ஷன், அது காலாவதியாகும் நாள் எக்ஸ்பைரி. விலை ஏறினால் கால் ஆப்ஷன் வாங்கியவருக்கு லாபம், இறங்கினால் புட் ஆப்ஷன் வாங்கியவருக்கு.

வங்கிப் பங்குகளின் இண்டெக்ஸான பேங்க் நிஃப்டிக்கு எக்ஸ்பைரி நாளான 2024 ஜனவரி 17ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். முந்தைய நாள் வந்த ஹெச்டிஎஃப்சி வங்கி ரிசல்ட்டால் பேங்க் நிஃப்டி பெரிய சரிவோடு திறந்தது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி சொல்வது இது: அமெரிக்க நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட் காலையில் வங்கிப் பங்குகளையும், பின்தேதிக்கு இப்போதே விலை பேசும் ஃப்யூச்சர்ஸையும் சுமார் 4,370 கோடிக்கு வாங்கிக் குவித்தது. இண்டெக்ஸ் தாங்கி நின்றது. சந்தை மீள்கிறது என்று நம்பியவர்கள் கால் ஆப்ஷன் வாங்கினார்கள், கால் விலை ஏறியது, புட் மலிந்தது. அதே நேரத்தில் ஜேன் ஸ்ட்ரீட் கால் ஆப்ஷனை விற்று, புட் ஆப்ஷனை வாங்கியது. இந்த ஆப்ஷன் பொசிஷன், வாங்கிய பங்குகளைப்போல் ஏழு மடங்குக்கு மேல். மதியத்துக்கு மேல் பங்குகளை விற்றுத் தள்ளியது, இண்டெக்ஸ் இறங்கியது. பங்கிலும் ஃப்யூச்சர்ஸிலும் 61.6 கோடி நஷ்டம், ஆப்ஷனில் 734.93 கோடி லாபம்.

தெரிந்தே நஷ்டப்பட்டு வாங்கி விற்றதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இரண்டு பக்கமும் விலை சொல்லி நிற்பவர் செய்யும் வேலை இல்லை இது. ஆப்ஷனில் புரளும் தொகை பங்குச் சந்தையைவிடப் பல மடங்கு பெரிது என்பதால்தான், சின்னப் பக்கத்தை அசைத்துப் பெரிய பக்கத்தில் அள்ள முடிகிறது.

இப்படிப் பல நாட்களைக் கணக்கிட்டு, 2025 ஜூலையில் 4,843.57 கோடியைச் செபி முடக்கியது. ஜேன் ஸ்ட்ரீட் குற்றச்சாட்டை மறுக்கிறது. விலை வித்தியாசத்தைப் பயன்படுத்தும் சாதாரண ஆர்பிட்ரேஜ்தான் என்று சொல்லி மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்கு எப்படி முடிந்தாலும் எதிர்ப்பக்கத்தில் இழந்தவர்கள் இழந்தவர்கள்தான். செபியின் கணக்குப்படி 2024-25இல் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் எனும் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 91 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள்.

பேங்க் நிஃப்டியின் வார எக்ஸ்பைரி 2024 நவம்பரோடு நின்றது. நிஃப்டிக்கும் சென்செக்ஸுக்கும் தொடர்கிறது. அவற்றையும் மாத எக்ஸ்பைரியாக மாற்ற வேண்டும் என்பேன். லிக்விடிட்டி, அதாவது உடனே வாங்க விற்க ஆள் கிடைப்பது, குறையும் என்பார்கள். பங்கு வாங்கி வைத்திருப்பவருக்குப் பங்கில்தான் லிக்விடிட்டி வேண்டும், ஒரே வாரத்தில் செத்துப்போகும் ஆப்ஷனில் இல்லை.