பெயர் மறந்தால் இனிஷியலைக் கேட்காதீர்கள்

பெயர் மறந்தவர்களுக்கு நம் ஊரில் "சார்" பெரிய அடைக்கலம். ஒரு மணி நேரம் பேசிவிட்டு எழுந்து வரலாம், பெயரே தேவைப்படாது. மாட்டிக்கொள்வது அவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லவேண்டி வரும்போதுதான்.

என் தோழி எனர்ஜி ஆடிட் செய்யும் கன்சல்டன்ட். ஈரோடு பக்கம் ஒரு சாயப்பட்டறையில் ரிப்போர்ட் கொடுக்கும் மீட்டிங். ஒரு மெஷினில், நீராவி குளிர்ந்து தண்ணீரானதை மட்டும் வெளியே விடவேண்டிய ஸ்டீம் ட்ராப் என்ற வால்வு பழுதாகித் திறந்தே நிற்க, நல்ல நீராவி வீணாகப் போய்க்கொண்டிருந்ததை அவள் விளக்கினாள். முதலாளி கேட்டார்: "இதை யாரும்மா கண்டுபிடிச்சது?"

கண்டுபிடித்தவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், மெயின்டனன்ஸ் மேனேஜர். ஆய்வு நாளில் அவளோடு பட்டறை முழுக்க நடந்தவர். முகம், குரல், சொன்ன கணக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பெயர் மட்டும் வரவில்லை.

இந்த இடத்தில் சிலர் "உங்க இனிஷியல் என்ன சார்?" என்று தூண்டில் போடுவார்கள். அவர் "எம்" என்பார். அவ்வளவுதான், கதை முடிந்தது. விசிட்டிங் கார்டு கேட்டால் "அன்னைக்கே கொடுத்தேனே" என்று வரும். என்னைக் கேட்டால், மறந்ததைவிட மறைப்பதுதான் ஆளைப் புண்படுத்தும்.

அவள் நேராக அவரிடமே திரும்பினாள். "சார், மன்னிச்சுக்கோங்க, உங்க பேர் சட்டுன்னு வரல. ஆனா ட்ராப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே சூடு இருக்குன்னு தெர்மாமீட்டர் வச்சுக் காட்டினது நீங்கதான்." அவர் சிரித்துக்கொண்டே பெயரைச் சொன்னார். அவள் அதே மூச்சில் அந்தப் பெயரைச் சொல்லி, "சாரே மீதியைச் சொல்லட்டும்" என்று பேச்சை அவரிடம் விட்டாள். எனக்குப் பிடித்தது இதுதான். முதலாளி முன்னால் ஒருவர் பெயரை மறந்தால், 'இவர் முக்கியமில்லாத ஆள்' என்று அறைக்கே சொன்னதுபோல் ஆகிவிடும். அதற்கு மன்னிப்பு மட்டும் போதாது. அவர் செய்த வேலையை அவர் பெயரில் எழுதிவைக்க வேண்டும்.

மறந்ததற்கும் காரணம் இருந்தது. முதல் சந்திப்பில் எல்லோரும் வரிசையாக அறிமுகம் செய்துகொண்டபோது, அவளுக்கு முந்தைய ஆள் அவர்தான். தன் முறை வருவதற்குச் சற்று முன் கேட்டது மனதில் தங்குவதில்லை என்று மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் 1973இல் சோதித்துக் காட்டியிருக்கிறார். நாம் சொல்லப்போவதை உள்ளுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்போம், பக்கத்து ஆள் பேசுவது காதில் விழும், ஆனால் பதியாது.

ஒரே ஆளிடம் இந்த மன்னிப்பு இரண்டாவது தடவை செல்லாது. அதனால் இப்போதெல்லாம் அவள் நோட்டில் மேசையை ஒரு பெட்டியாக வரைந்து, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பெயரோடு குறித்துக்கொள்கிறாள். தனக்கு முன்னால் பேசுகிறவரின் பெயரைத்தான் முதலில் எழுதுகிறாள்.