ஆரஞ்சு முடிக்கு வயலட் டோனர் சரிவராது

“ப்ளீச் பண்ணின முடி எப்படிச் செம்பட்டை அடித்தாலும் வயலட் டோனர் போதும்.” கீழக்கரை, மண்டபம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் இது.

தவறு. வண்ணச் சக்கரத்தில் நேர் எதிரே இருக்கும் நிறம்தான் ஒன்றை அடக்கும்: மஞ்சளுக்கு வயலட், ஆரஞ்சுக்கு நீலம், சிவப்புக்குப் பச்சை. நம் கருமுடி பாதி வெளுக்கும்போது பெரும்பாலும் ஆரஞ்சில்தான் நிற்கும். அதில் வயலட் போட்டால் ஆரஞ்சு போகாது, இன்னும் சிவந்தும் தெரியலாம். வாழைப்பழத் தோலின் உட்புறம் போல வெளிர்மஞ்சள் வந்த பிறகுதான் வயலட். அந்த மஞ்சளில் நீலத்தைப் போட்டால் பச்சை அடித்துவிடும், கவனம்.

ஒரு கொத்து முடியை வெள்ளைத்தாள் மேல் வைத்து, பகல் வெளிச்சத்தில் சலூனில் உள்ள வண்ணச் சக்கர அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.