மொத்தக் கணக்கு சரி, வகுப்புக் கணக்கு தப்பு

எங்கள் டியூஷன் சென்டரில் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குள் பிரின்சிபால் மேடத்தின் மெயிலுக்கு ஃபீஸ் பாக்கி அறிக்கை தானாகப் போய்விடும். வகுப்பு வாரியாக எவ்வளவு பாக்கி என்று ஒரு சின்ன அட்டவணை, அவ்வளவுதான். கூகுள் ஷீட்டில் கணக்கு. ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் வாரம் ஒரு முறை ஓடும் ட்ரிகர். ஆறிலிருந்து ஏழு என்று நேரம் வைத்தால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். அதில் ஒரு குறையும் இல்லை. செய்து முடித்த அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் வாரமே மேடம் கேட்டார்: "நம்மகிட்ட ஒண்ணாங் கிளாஸ் எப்ப இருந்து இருக்கு?"

இல்லைதான். ஷீட்டில் +1 என்று அடித்தால் அது வெறும் 1 என்றுதான் காட்டும். பிளஸ் ஒன் பிள்ளைகள் மொத்தப் பேரும் ஒன்றாம் வகுப்புக்கு இறங்கிவிட்டார்கள். 11, 12 என்று மாற்றினேன், சிரித்து முடித்தோம். கண்ணுக்குத் தெரிகிற தப்பு எப்போதும் சுலபம்.

அடுத்தது அப்படி இல்லை. ஏழாம் வகுப்பில் ₹1,600 பாக்கி என்று அறிக்கை வந்தது. ஒரே ஒரு பிள்ளை. மேடம் வகுப்பு டீச்சரிடம் சொல்ல, டீச்சர் அந்த அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார். சாயங்காலமே ரசீதோடு வந்துவிட்டார் அந்த அம்மா. "ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்துத்தான சார் ஜிபே பண்ணேன்? இன்னும் எத்தனை தடவ கட்டணும்?" ரசீதில் ₹3,600. பெரியவன் பத்தாம் வகுப்பு, அவனுக்கு 2,000. சின்னவளுக்கு 1,600. ஒரே தொகையாக வந்ததால் நான் மொத்தத்தையும் பெரியவன் பெயரில் ஏற்றியிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான், மன்னிப்புக் கேட்டேன்.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. அன்று பத்தாம் வகுப்பில் மூன்று பேர் ஃபீஸ் கட்டவில்லை. தலைக்கு 2,000, ஆக 6,000. அறிக்கையில் இருந்ததோ 4,400! பெரியவன் கணக்கில் அதிகமாக விழுந்த 1,600 மைனஸாக நின்று, மற்றப் பிள்ளைகளின் பாக்கியைத் தின்றுவிட்டது. அந்தப் பக்கம் ஏழாம் வகுப்பில் இல்லாத பாக்கி 1,600. இரண்டையும் கூட்டினால் 6,000. மொத்தம் சரி, பேங்க் கணக்கோடும் ஒத்துப்போகும். அதனால்தான் மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போதும் இது மாட்டவே மாட்டாது. ஃபீஸ் 2,000 இருக்கிற வகுப்பில் 4,400 என்று ஒரு தொகை ஏன் வருகிறது என்று கேட்டிருந்தால் அன்றே பிடித்திருக்கலாம். பாதித் தொகை கட்டியவர் யாருமில்லை என்று எனக்குத் தெரியும்; இருந்தும் கேட்கவில்லை.

இப்போது பாக்கியைப் பிள்ளை வாரியாகவே பூஜ்யத்தோடு நிறுத்திவிட்டேன். A பிள்ளையின் பெயர், B வகுப்பு, C கடைசித் தேதி, D கட்ட வேண்டியது, E கட்டியது:

```
F2: =IF(C2<TODAY(), MAX(0, D2-E2), 0)
G2: =MAX(0, E2-D2)
```

F பாக்கி, G அதிகமாக வந்தது. அறிக்கைக்கு இது:

```
=QUERY(A2:F, "select B, count(A), sum(F) where F > 0 group by B", 0)
```

தொகையோடு எத்தனை பேர் என்பதும் வருகிறது. என்னைக் கேட்டால், தலை எண்ணிக்கை இல்லாத வகுப்பு வாரிப் பாக்கி அறிக்கையை அனுப்பவே கூடாது. 6,000 என்றால் மூன்று பேரா, ஒரே பிள்ளையின் மூன்று மாதமா? மேடம் செய்ய வேண்டிய வேலையே அதில் மாறிவிடுகிறது.

இன்னொன்று, C-யில் தேதி எழுத்தாக விழுந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பாக்கியே வராது; ஷீட்டைப் பொறுத்தவரை தேதி ஒரு எண், எழுத்து எப்போதும் எண்ணை விடப் பெரியது. சாதாரணமாக எழுத்து கட்டத்தில் இடது பக்கம் ஒட்டும், தேதி வலது பக்கம் நிற்கும். நான் அதைத்தான் பார்க்கிறேன்.

அப்புறம், டீச்சருக்குப் போன் போவதற்கு முன் G பத்தியைப் பார்ப்பது என்று மேடமும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அதிகத் தொகை ஒன்று நின்றால், அதே தொகைக்கு வேறு வகுப்பில் பாக்கி இருக்கிறதா என்று முதலில் தேடுவோம். பெரும்பாலும் அண்ணன் தங்கைதான்.

இந்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு 1,500 அதிகமாக நிற்கிறது. எந்த வகுப்பிலும் அதற்கு ஜோடி கிடைக்கவில்லை. பில் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன்.