600 இலைக்குக் காசு, 400 பேருக்குச் சமையல்

மகள் கல்யாணம் முடிந்து பத்து நாளாகிறது. இன்னும் வயிறு எரிகிறது.

கார்த்திகை மாத முகூர்த்தம், திருச்சியில் மண்டபம். கேட்டரிங்காரர் ஒவ்வொரு வேளைக்கும் மினிமம் கேரண்டி கேட்டார். மதியம் 500 இலை, இலைக்கு 320 ரூபாய். ரிசப்ஷனுக்கு 600 இலை, இலைக்கு 450. கூட வந்தால் எக்ஸ்ட்ரா இலைக்குத் தனி ரேட். சரி, அவரும் காய்கறி, பால், ஆள் கூலி எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டுமே என்று ஒத்துக்கொண்டேன்.

ரிசப்ஷன் அன்று சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. 430 பேர்தான் சாப்பிட்டார்கள். 170 இலைக்கு 76,500 ரூபாய் சும்மா போனது. அதைக்கூட என் நேரம் என்று விட்டிருப்பேன். ஆனால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்த முப்பது பேருக்குப் பன்னீர் குருமா இல்லை, பாயசம் இல்லை! சித்தப்பா இலையில் ரெண்டு இடியாப்பமும் சட்னியும் மட்டும் கிடந்தது. சமையல்கட்டுக்கு ஓடினால் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார்கள். 600 பேருக்குச் சமைத்திருந்தால் 170 பேர் சாப்பாடு மிஞ்சியிருக்க வேண்டாமா? மழையைப் பார்த்ததும் உலையைக் குறைத்துவிட்டு, பில்லை மட்டும் குறைக்கவில்லை.

அந்தப் பாயசமும் நாங்கள் சொன்னது இல்லை. பேசியது இளநீர்ப் பாயசம், ஊற்றியது சேமியாப் பாயசம். கேட்டால், "நல்ல இளநீர் கிடைக்கல சார், உங்க மச்சான்கிட்ட சொல்லிட்டேனே" என்கிறார். மச்சான் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான், யாரும் சொல்லவில்லை என்று. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் நாங்கள் ஒரு பொரியலை மாற்றச் சொன்னபோது மட்டும் இலைக்குப் பதினைந்து ரூபாய் ஏற்றத் தெரிந்ததே?

மதியக் கணக்கு இன்னும் அநியாயம். 548 இலை விழுந்தது என்று, 500க்கு மேல் 48 இலைக்கு 400 ரூபாய் வீதம் போட்டிருந்தார். இலை நாங்கள் வாங்கிக் கொடுத்தது. நூறு நூறாக ஆறு கட்டு, இறக்கும்போதே மச்சான் எண்ணியிருந்தான். பந்தி முடிந்து மிச்சம் எண்ணினால் 83. கிழிசல் ஒன்றுகூட இல்லை என்று வைத்தாலும் 517க்கு மேல் எப்படிப் போகும்? இல்லாத 31 இலைக்கு 12,400 ரூபாய்!

இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. புக்கிங் அன்று கால் பங்கு, ஒரு வாரம் முன்னால் இன்னும் பாதி, முதல் நாள் ராத்திரி அடுப்புப் பற்றவைக்கும் முன் மேலும் கொஞ்சம் என்று தொண்ணூறு சதவீதம் வாங்கிவிட்டார். மீதிப் பத்து சதவீதத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் குரலை உயர்த்தினார். பெண்ணைப் பெற்றவன் அந்த இடத்தில் என்ன செய்வான்? எண்ணிக் கொடுத்தேன்.

தை பிறந்தால் இளையவளுக்குப் பார்க்க ஆரம்பிக்கிறோம். எந்தச் சமையல்காரராக இருந்தாலும் கால் பங்கு பணம் கடைசிப் பந்தி எழுந்து, இலை எண்ணிய பிறகுதான். மெனுவில் ஒரு கூட்டு மாறினாலும் என் கையெழுத்து வேண்டும். கேரண்டி 600 என்றால் 600 பேர் சாப்பாடு அண்டாவில் இருக்க வேண்டும், மிச்சம் எங்கள் பாத்திரத்துக்கு வர வேண்டும். முடியாது என்பவர் அட்வான்ஸ் கேட்டு என் வாசலுக்கு வரவே வேண்டாம்.