சமையல் குறிப்பாம்

சனிக்கிழமை ஸூம் கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். தேயிலையில் மொத்த பொலிபீனோல் அளக்க நான் எழுதிக் கொடுத்த 18 படிகளைப் பார்த்துவிட்டு "இது ஆய்வு முறை இல்லை தம்பி, சமையல் குறிப்பு" என்றார் பெரிய சேர் ஒருவர். நாலு பேர் சிரித்தார்கள். யாரோ மைக்கை அணைக்க மறந்துவிட்டு "எஸ்டேட் பிள்ளைகளுக்கு எல்லாம் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கணும்" என்று சொன்னதும் எனக்குக் கேட்டது. அதைக் கடைசியில் பேசுகிறேன்.

முதலில் விஷயம். எழுதினவர் பக்கத்தில் இல்லாத இன்னோர் ஆய்வுகூடத்தில், இன்னொருத்தர் கையில், அந்த முறை ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் அது முறை இல்லை, நினைவுக் குறிப்பு.

எங்களுக்குக் கிடைத்த அந்தச் சேரின் கட்டுரையில் முறைப் பகுதி இவ்வளவுதான்: தேயிலைத் தூள் 70% மெதனோலில் இருமுறை பிரித்தெடுக்கப்பட்டு, தகுந்தவாறு ஐதாக்கப்பட்டு, ஃபோலின் கரைசலும் 7.5% சோடியம் காபனேற்றும் சேர்க்கப்பட்டு, அறை வெப்பநிலையில் வைத்த பின் 765 நனோமீற்றரில் வாசிக்கப்பட்டது, சிறு மாற்றங்களுடன். தேயிலையில் மொத்த பொலிபீனோல் அளக்கிற முறை இது. அடிப்படை 2005இல் வந்த சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ 14502-1. அதில் ஓரளவு எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த "சிறு மாற்றங்கள்" என்னென்ன என்று யார் சொல்வது?

"தகுந்தவாறு" என்றால் எவ்வளவு? நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 0.2 கிராம் தூளின் சாறு முழுவதும் 10 மி.லீ ஆகிறது, அதாவது ஒரு மி.லீக்கு 20 மில்லிகிராம் தேயிலை. அளவு தெரிந்த கலிக் அமிலத்தை வைத்துப் போடுகிற நியமக் கோடு மி.லீக்கு 10 முதல் 50 மைக்ரோகிராம் வரைதான். தேயிலையில் 15% பொலிபீனோல் என்று வைத்தால் சாற்றில் 3000 மைக்ரோகிராம் இருக்கும். 100 மடங்கு ஐதாக்கினால் 30, கோட்டுக்கு நடுவில் வந்து உட்காருகிறது. 10 மடங்கு மட்டும் என்றால் 300, கோட்டுக்கு வெளியே எங்கேயோ போய்விடும். "100 மடங்கு" என்று எழுத எத்தனை எழுத்து செலவாகும்? "தகுந்தவாறு" என்பதை விட ஒன்றும் நீளமில்லை.

அடுத்தது சோடியம் காபனேற்று. இதில் மூன்று நாள் போனது எனக்கு. எங்கள் அலமாரியில் இருந்த போத்தலில் பளிங்குகள், ஒவ்வொன்றும் பத்து நீர் மூலக்கூறு பிடித்து வைத்திருக்கிற வகை. 100 மி.லீக்கு 7.5 கிராம் நிறுத்துப் போட்டேன். அதில் உண்மையான காபனேற்று 2.8 கிராம் அளவுதான், மீதி தண்ணீர். ஃபோலின் கரைசல் அமிலம், அதைச் சமாளித்து மேலே காரமாக்கினால்தான் நீல நிறம் ஒழுங்காக வரும். எனக்கு வெளிறிய நீலம்தான் வந்தது. முதலில் தேயிலையைச் சந்தேகப்பட்டேன், பிறகு மெதனோலை. மூன்றாம் நாள்தான் கலிக் அமிலக் குழாய்களைப் பார்த்தேன், அவையும் அதே வெளிறல். தேயிலையே படாத குழாயும் வெளிறினால் குற்றம் தேயிலையில் இல்லையே! இப்போது என் படியில் "நீரற்ற சோடியம் காபனேற்று, போத்தல் லேபலைப் பார்க்கவும், பத்து நீர் வகை மட்டும் இருந்தால் 20.2 கிராம்" என்று இருக்கிறது. சேருக்கு இது சமையல்.

அப்புறம் "அறை வெப்பநிலை". யாருடைய அறை சேர்? கொழும்பில் 30 பாகை. நுவரெலியாவில் ஜனவரிக் காலையில் எங்கள் மேசை 13 பாகை, நான் ஜம்பர் மேல் கோட் போட்டுக்கொண்டு பிப்பெற்றைப் பிடிக்கிறேன். குளிரில் அந்த நிறம் மெதுவாகத்தான் ஏறும். ஒரு மணி நேரத்தில் வாசித்தேன், பத்து நிமிடம் கழித்து அதே குழாயை வாசித்தால் எண் கூடியிருக்கிறது. அதாவது கடைசிக் குழாய்க்கு முதல் குழாயை விட அதிக நேரம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான், தேயிலையில் ஒரு வித்தியாசமும் இல்லை. கட்டுரையைச் சொன்னபடி செய்து கட்டுரையில் இல்லாத பிழை வாங்கினேன்.

சிரித்தவர்களுக்காக அந்த இடத்து நாலு படிகளை அப்படியே போடுகிறேன்:

9. 1 மி.லீ சாற்றை 100 மி.லீ குடுவையில் விட்டு, நீரால் குறி வரை நிரப்பவும்.
10. அதில் 1 மி.லீ எடுத்துச் சோதனைக் குழாயில் விடவும். 10% ஃபோலின் 5 மி.லீ சேர்த்துக் கலக்கி, கடிகாரத்தை ஓட விடவும். ஃபோலின் மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சை தட்டியிருந்தால் எறியவும். அடுத்த குழாய் 20 செக்கன் கழித்து.
11. முதல் குழாய்க்கு 5 நிமிடம் ஆனதும் காபனேற்று 4 மி.லீ. அதே வரிசை, அதே 20 செக்கன். ஒரு தடவைக்கு 12 குழாய்க்கு மேல் வேண்டாம்.
12. 25 பாகை நீர்த்தொட்டியில் 60 நிமிடம் வைத்து, அதே வரிசையில் 765இல் வாசிக்கவும். முதல் குழாயைப் பத்து நிமிடம் கழித்து மறுபடி வாசிக்கவும். எண் ஏறியிருந்தால் அன்றைய வாசிப்பை நம்ப வேண்டாம்.

காபனேற்று 3 முதல் 8 நிமிடத்துக்குள் விழ வேண்டும் என்பது ஐ.எஸ்.ஓ நியமத்திலேயே இருக்கிறது. 30 குழாய்க்கு ஃபோலின் விட்டு முடிப்பதற்குள் முதல் குழாய்க்கு 8 நிமிடம் தாண்டிவிடும் என்பது கையால் செய்தவனுக்குத்தான் தெரியும்.

"பயிற்சி பெற்றவனுக்கு இதெல்லாம் தெரியுமே" என்பார்கள். தெரியும். எனக்கும் இப்போது தெரியும், மூன்று நாளும் ஒரு போத்தல் மெதனோலும் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். "சஞ்சிகையில் இடம் இல்லை" என்பது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். "படிப்படியாகக் கொடுத்தால் யோசிக்க மாட்டான்" என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன், அவர்கள் கடைசியாகக் குழாய் கழுவியது எந்த வருடம் என்று மட்டும் கேட்கிறேன்.

சமையல் என்று சொன்னார் இல்லையா. எங்கள் அம்மா ரொட்டிக்கு எப்படி மா பிசைவது என்று கேட்டால் "உப்பு கொஞ்சம், தண்ணி பார்த்து" என்பார். அவருக்கு அது போதும், ஏனென்றால் லயத்து அடுப்புக்குப் பக்கத்தில் அவரே நின்று என் கையைப் பிடித்துக் காட்டினார். சேரின் கட்டுரைதான் அம்மாவின் ரொட்டி மாதிரி எழுதப்பட்டிருக்கிறது, "தகுந்தவாறு", "சிறு மாற்றங்களுடன்". அம்மாவாவது பக்கத்தில் நின்றார். சேர் இரண்டு மின்னஞ்சலுக்குப் பதில் போடவில்லை.

எஸ்டேட் பிள்ளை என்று சொன்னவருக்கு: ஆமாம். அந்த 0.2 கிராம் கொழுந்தை யாருடைய அம்மா பறித்தார் என்று நினைக்கிறீர்கள்? சரி, விடுங்கள், கோபத்தில் எங்கேயோ போகிறேன்.

படிகளை பதுளையில் இருக்கிற ஒரு தங்கச்சிக்கு அனுப்பி, என்னிடம் ஒன்றும் கேட்காமல் செய்து பார்க்கச் சொல்லியிருந்தேன். நேற்று ராத்திரி ஒரே ஒரு கேள்வியோடு எடுத்தாள். "அண்ணா, ஆறாம் படியில் குளிர விடவும் என்று போட்டிருக்கீங்க. எவ்வளவு வரைக்கும்?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் "தகுந்தவாறு" எழுதியிருக்கிறேன். "கையில் பிடித்தால் சூடு தெரியாத வரை, பிறகு 10 மி.லீ குறிக்கு நிரப்பவும்" என்று இன்று காலை மாற்றினேன். அவளுடைய எண்கள் வியாழக்கிழமை வரும்.